இப்போதைய மருத்துவமனைக்குத் தெரியாமல் வேலை தேடும்போது: ரெக்ரூட்டரிடம் போனில் சொல்வதா, சிவியில் எழுதுவதா, மெயிலில் கேட்பதா?

மார்த்தாண்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கும் ஸ்டாஃப் நர்ஸ் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அதற்கு முன்பு நாகர்கோவிலில் இன்னொரு மருத்துவமனையில் இரண்டு ஆண்டு அனுபவம். இப்போது திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய மருத்துவமனையில் ஐசியூ வேலை இருப்பதாக ஒரு கன்சல்டன்சி அழைக்கிறது. அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: ஆஃபர் லெட்டர் கைக்கு வரும்வரை இப்போதைய மருத்துவமனைக்குச் சேதி போகக் கூடாது. போனால் சம்பள உயர்வு நிற்கலாம், நைட் டியூட்டி கூடலாம், புது வேலையும் தட்டிப்போனால் இரண்டும் கெட்ட நிலைதான்.

இதைக் கேட்க மூன்று வழிகள் நடைமுறையில் இருக்கின்றன. போனிலேயே சொல்லிவிடுவது, சிவியில் ஒரு வரி எழுதுவது, சிவி அனுப்பும் முன்பே மெயிலில் நிபந்தனையாக வைப்பது. எது உதவும், எது உதவாது என்பதைப் பார்க்க, சிவி எத்தனை கை மாறுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். முதல் கை கன்சல்டன்சி. இரண்டாவது, ஆள் எடுக்கும் மருத்துவமனையின் ஹெச்.ஆர். மூன்றாவது, அவர்கள் அமர்த்தும் பின்னணிச் சரிபார்ப்பு ஏஜென்சி. பழைய இடத்துக்குப் போன் செய்வது பெரும்பாலும் இந்த மூன்றாவது கை. நாம் பேசியதோ முதல் கையிடம்.

போனில் சொல்வது

“சிஸ்டர், கவலைப்படாதீங்க, யாருக்கும் தெரியாது” என்று ரெக்ரூட்டர் சொல்வார். பெரும்பாலும் மனதாரத்தான் சொல்வார். ஆனால் அந்தப் பேச்சு அவரோடு நின்றுவிடுகிறது. இரண்டு வாரம் கழித்து உங்கள் ஃபைலை வேறொருவர் பார்ப்பார். அவருக்கு இந்த வாக்குறுதி தெரியாது. இன்னொரு சிக்கல், ‘ரகசியமாக வைத்துக்கொள்ளுங்கள்’ என்ற சொல்லை இருவரும் இரண்டு விதமாகப் புரிந்துகொள்வது. ஆள் தேடும் ஐந்து மருத்துவமனைகளுக்கு சிவியை அனுப்புவது ரெக்ரூட்டர் கணக்கில் ரகசியத்தை மீறுவது ஆகாது, அது அவருடைய வேலை. அந்த ஐந்தில் ஒன்று உங்கள் நிர்வாகமே நடத்தும் இன்னொரு கிளையாக இருந்துவிட்டால்?

சிவியில் ஒரு வரி

‘இப்போதைய நிறுவனத்தைத் தொடர்புகொள்ள வேண்டாம்’ என்று சிவியின் தலைப்பில் எழுதுவது பலருக்கும் வழக்கம். எழுதுவதில் தவறில்லை, அதையே நம்பியிருப்பதுதான் தவறு. கன்சல்டன்சிகள் பெரும்பாலும் உங்கள் சிவியை அப்படியே அனுப்புவதில்லை. போன் எண்ணையும் மெயில் முகவரியையும் நீக்கி, தங்கள் லெட்டர்ஹெட்டில் தங்கள் அமைப்புக்கு மாற்றித்தான் அனுப்புவார்கள். நீங்கள் தலைப்பில் போட்ட வரி அந்த மாற்றத்திலேயே உதிர்ந்துவிடும். ஆன்லைன் விண்ணப்பத்திலும் இதே கதிதான்: மென்பொருள் பெயர், படிப்பு, அனுபவம் ஆகியவற்றைத் தனித்தனிக் கட்டத்துக்குப் பிரித்தெடுக்கும்போது, எந்தக் கட்டத்திலும் சேராத வரி எங்கோ ஒதுங்கிவிடும்.

மெயிலில் நிபந்தனை

மூன்றில் இதுவே உறுதியானது. எழுத்தில் இருப்பது மட்டும் அதற்குக் காரணமில்லை. சிவி இன்னும் உங்கள் கையில் இருக்கிறது. அனுப்பிய பிறகு கேட்பது வேண்டுகோள். அனுப்பும் முன்பு கேட்டால் அது நிபந்தனை. மெயிலை ஆங்கிலத்தில் எழுதினாலும் பொருள் இப்படி இருக்க வேண்டும்:

“என் சிவியை எந்த மருத்துவமனைக்கு அனுப்புவதானாலும், அதன் பெயரை முதலில் சொல்லி என் ஒப்புதல் வாங்குங்கள். நான் ராஜினாமா கொடுத்து, உங்களுக்கு எழுத்தில் தெரிவிக்கும் வரை, இப்போதைய மருத்துவமனையின் நிர்வாகம், நர்சிங் சூப்பரிண்டெண்ட், உடன் வேலை செய்வோர் யாரிடமும் நேரடியாகவோ தெரிந்தவர்கள் மூலமாகவோ என்னைப் பற்றி விசாரிக்க வேண்டாம். அதுவரை சரிபார்க்க, கடந்த மூன்று மாத பே ஸ்லிப், சம்பளம் வரவான பேங்க் ஸ்டேட்மெண்ட், பிஎஃப் சர்வீஸ் ஹிஸ்டரி, முந்தைய மருத்துவமனையின் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட் தருகிறேன். இந்த நிபந்தனையை மருத்துவமனைக்கும் சரிபார்ப்பு ஏஜென்சிக்கும் தெரிவிக்கவும். சம்மதம் என்றால் பதில் எழுதுங்கள், சிவி அனுப்புகிறேன்.”

இதில் ‘தெரிந்தவர்கள் மூலமாகவோ’ என்ற சொற்களை நம் மாவட்டத்துக்காரர்கள் விட்டுவிடவே கூடாது. திருவனந்தபுரத்து மருத்துவமனைகளில் குமரி மாவட்டத்து நர்ஸுகள் இருக்கிறார்கள். “மார்த்தாண்டத்தில் இன்ன இடத்தில் வேலை பார்க்கும் பொண்ணாம், தெரியுமா?” என்று வார்டில் யாராவது ஒருவரிடம் கேட்டால் போதும், சாயங்காலத்துக்குள் சேதி ஊருக்கு வந்துவிடும். கேட்டவருக்கு இது ‘நிறுவனத்தைத் தொடர்புகொள்வது’ என்றே தோன்றாது.

மாற்று ஆவணங்களைச் சொல்வதற்கும் காரணம் உண்டு. வெறுமனே ‘கேட்காதீர்கள்’ என்றால் ஹெச்.ஆருக்குச் சரிபார்க்க வழியில்லை. ஃபைல் கிடப்பில் விழும் அல்லது சந்தேகம் வரும். எதை வைத்துச் சரிபார்க்கலாம் என்று நீங்களே கொடுத்துவிட்டால் அந்தப் போன் அழைப்புக்குத் தேவையே குறைகிறது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்துக்கு பிஎஃப் கட்டாயம் என்பதால், யுஏஎன் கணக்கில் எந்த நிறுவனத்தில் எப்போது சேர்ந்தீர்கள் என்பது இருக்கும். நிறுவனத்திடம் கேட்காமல் நீங்களே அதை எடுத்துத் தரலாம். ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும்: அறக்கட்டளை நடத்தும் மருத்துவமனைகளில் பிஎஃப் பதிவு அறக்கட்டளையின் பெயரில் இருக்கலாம். சிவியில் ஒரு பெயரும் பிஎஃப்பில் வேறு பெயரும் இருந்தால் ஏஜென்சி அதை முரண்பாடாகக் குறித்து, தெளிவுக்காக மருத்துவமனைக்கே போன் போடக்கூடும். இரண்டு பெயரும் ஒன்றே என்று முன்கூட்டியே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

பே ஸ்லிப்பை மாதாமாதம் வாங்கி வைத்துக்கொள்வதும் நல்லது. மூன்று மாதத்துக்கும் சேர்த்து ஒரே நாளில் அக்கவுண்ட்ஸில் கேட்டால் அதுவே உங்களைக் காட்டிக்கொடுக்கும்.

மெயிலுக்கு எழுத்தில் பதில் வராமல், “ஓகே சிஸ்டர்” என்று போன் மட்டும் வந்தால் விட்டுவிடாதீர்கள். “இன்று போனில் நீங்கள் ஒப்புக்கொண்டபடி…” என்று தொடங்கி, நிபந்தனைகளை மறுபடி எழுதி நீங்களே அனுப்பிவிடுங்கள். இந்த மெயிலுக்கும் எல்லை உண்டு. மீறினால் நீதிமன்றம் வரை இழுக்கக்கூடிய ஒப்பந்தம் போல இதை எண்ணிக்கொள்ள வேண்டாம். ஃபைல் கை மாறும்போது அதோடு கூடவே போகும் குறிப்பு இது, அவ்வளவே. மருத்துவமனையின் பெயரைச் சொல்ல மறுக்கும் ரெக்ரூட்டர், இன்டர்வியூவுக்கு முன்பே இப்போதைய மேலதிகாரிகள் இருவரின் எண்ணைக் கேட்கும் ரெக்ரூட்டர், இவர்களிடம் இந்த மெயிலும் பயன்படாது. சிவியே கொடுக்காமல் இருப்பது நல்லது.

பெயரை மறைத்த சிவி உதவுமா?

‘கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு பன்னோக்கு மருத்துவமனை’ என்று மட்டும் போட்டு, பெயரை இன்டர்வியூவில் சொல்லலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். சென்னை, பெங்களூருவில் இது ஓரளவு செல்லும். இங்கே செல்லாது. மார்த்தாண்டம், மூன்று ஆண்டு ஐசியூ, படித்த காலேஜ், தேர்ச்சி பெற்ற ஆண்டு என்று நான்கு விவரம் சேர்ந்தால் ஆளைக் கண்டுபிடிக்க நிமிடம் போதும். பெயரை மறைத்ததால் அழைப்பு வரும் வாய்ப்பும் குறைகிறது, ஆளும் மறையவில்லை. எனவே பெயரைப் போட்டு, மேற்சொன்ன நிபந்தனையோடு அனுப்புவதே மேல். லிங்க்ட்இன்னில் ‘Open to work’ குறியை வைப்பதானால் ‘Recruiters only’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் முழு ரகசியத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று அந்தத் தளமே சொல்கிறது. உங்கள் மருத்துவமனைக்கு ஆள் பிடித்துத் தரும் வெளிக் கன்சல்டன்சியின் கண்ணில் அது படலாம்.

நாகர்கோவில், தக்கலை, குலசேகரம் என்று மாவட்டத்துக்குள்ளேயே மாறுவதாக இருந்தால் மட்டும் வரிசை மாறும். அங்கே மெயில் முதலில் போனால் ஃப்ரண்ட் ஆபீஸில் யார் திறப்பார்கள் என்று தெரியாது. ஹெச்.ஆர். மேலாளரை நேரில் பார்த்துச் சொல்லிவிட்டு, அன்றைக்கே அவருடைய சொந்த அலுவலக முகவரிக்கு மெயில் அனுப்புங்கள்.

சரிபார்ப்புப் படிவத்தின் அந்த ஒரு கட்டம்

இத்தனையும் சரியாகச் செய்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஆஃபருக்கு முன்போ பின்போ ஒரு படிவம் வரும். அதில் ‘இப்போதைய நிறுவனத்தைத் தொடர்புகொள்ளலாமா?’ என்று கேட்டிருக்கும். அவசரத்தில் ‘ஆம்’ என்று குறித்துவிடுவார்கள் அல்லது காலியாக விடுவார்கள். ஏஜென்சிக்காரர் உங்கள் மெயிலைப் பார்த்ததில்லை. அவருக்குத் தெரிந்தது இந்தக் கட்டம்தான். ‘ஒருபோதும் கூடாது’ என்று எழுதினாலும் சரிவராது, ஏனென்றால் சரிபார்ப்பு முடியாமலே நிற்கும், வேலை உறுதியாவதும் தள்ளிப்போகும். ‘இப்போது கூடாது; ராஜினாமாவுக்குப் பிறகு, என் எழுத்து அனுமதியோடு’ என்று எழுதுங்கள். படிவத்தில் அதற்கு இடமில்லை என்றால் ‘இல்லை’ என்று குறித்து, அதே நாளில் ஹெச்.ஆருக்கு மெயில் அனுப்புங்கள். ரெஃபரன்ஸ் கட்டத்தில் முந்தைய நாகர்கோவில் மருத்துவமனையின் வார்டு இன்சார்ஜ் பெயரைத் தரலாம். அவரிடம் முதலில் கேட்டுவிட்டு.

நம் நர்ஸின் வரிசை இப்படி அமையும். முந்தைய வேலை, படிப்பு, கவுன்சில் பதிவு ஆகியவற்றின் சரிபார்ப்பு முதலில் முடியட்டும். ஆஃபர் லெட்டர் எழுத்தில் வரட்டும். அதில் ‘சரிபார்ப்புக்கு உட்பட்டது’ என்ற வரி இருந்தால், மீதமிருப்பது இப்போதைய மருத்துவமனை மட்டும்தானா என்று மெயிலில் கேட்டு உறுதி செய்யுங்கள். 5-ஆம் தேதி ஆஃபர், 7-ஆம் தேதி ராஜினாமா, அது ஏற்கப்பட்டதற்கான கடிதம் கைக்கு வந்த அன்று ‘இனி தொடர்புகொள்ளலாம்’ என்ற மெயில். 30 நாள் நோட்டீஸுக்குள் அந்தக் கடைசிச் சரிபார்ப்பு முடிந்துவிடும். ரிலீவிங் லெட்டர் பின்னால் கொடுத்தால் போதும்.

வளைகுடா என்றால்

மேலே சொன்ன எதுவும் முழுதாகப் பொருந்தாத இடம் இது. சவூதி, கத்தார், துபாய் நர்சிங் உரிமத்துக்கு டேட்டாஃப்ளோ மூலம் நடக்கும் சரிபார்ப்பில், சர்டிஃபிகேட்டைக் கொடுத்த இடத்திடமே நேரடியாகக் கேட்பார்கள். முறையே அதுதான். ரெக்ரூட்டர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அதை நிறுத்த முடியாது. “நாங்க பார்த்துக்கிறோம்” என்று சொன்னால் நம்பாதீர்கள். இப்போதைய மருத்துவமனையின் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட்டைப் பதிவேற்றினால் அங்கே கேள்வி போகும்.

இருப்பது இரண்டு வழி. உரிமத்துக்குக் கேட்கும் அனுபவ ஆண்டுகளும் இடைவெளி விதியும் முந்தைய மருத்துவமனையின் சர்டிஃபிகேட்டிலேயே நிறைவேறுமானால், அதை மட்டும் சரிபார்ப்புக்குக் கொடுக்கலாம். சிவியில் இப்போதைய வேலையை மறைக்கக் கூடாது. சரிபார்ப்புக்குத் தரும் ஆவணம் மட்டுமே வேறு. விதி நாட்டுக்கு நாடு வேறுபடும், மாறவும் செய்யும். அதனால் பணம் கட்டும் முன் அந்தந்த நாட்டு ஆணையத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அது நிறைவேறாது என்றால், பதிவேற்றும் நாளைத் தள்ளிவைத்து, நர்சிங் சூப்பரிண்டெண்டிடம் நீங்களே முதலில் போய்ச் சொல்லிவிடுங்கள். எப்படியும் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட்டில் கையெழுத்து வாங்க அவரிடம்தான் போயாக வேண்டும். சரிபார்ப்பு மெயில் வந்தால் பதில் எழுதப்போவதும் அதே அலுவலகம்தான்.