மீம் வாசகங்களை எழுத்தாக்குதல்: தட்டச்சா, எழுத்துணரியா?

என்னிடம் முந்நூறு சொச்சம் தமிழ் மீம் படங்கள் சேர்ந்துவிட்டன. ஒரு சொல்லைத் தேடினால் உரிய படம் கிடைக்க வேண்டும் என்பதற்காக, ஒவ்வொன்றிலும் மேலே உள்ள வாசகத்தையும் கீழே உள்ள வாசகத்தையும் உரைக்கோப்பில் ஏற்ற உட்கார்ந்தேன். படத்தில் யார் இருக்கிறார், என்ன முகபாவம் என்பதெல்லாம் இந்த வேலைக்கு வேண்டாம். மேல்வாசகம், ஒரு வெற்று வரி, கீழ்வாசகம், அவ்வளவுதான். முதல் ஐம்பதை எழுத்துணரி மென்பொருளிடம் கொடுத்தேன். மீதியைக் கையால் தட்டச்சு செய்தேன். இப்போது யாராவது கேட்டால், தமிழ் மீம்களுக்குக் கையால் தட்டுவதே மேல் என்பேன்.

நான் பயன்படுத்தியது டெசராக்ட். திறந்த மூலம், இலவசம், தமிழுக்குத் தனித் தரவுக்கோப்பும் உண்டு. முழுப் படத்தை அப்படியே கொடுப்பதைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. சட்டைக் கோடுகளையும் சன்னல் கம்பிகளையும் எழுத்தென்று எண்ணி நடுவில் குப்பையைக் கொட்டுகிறது. சிதறிய எழுத்துகளைத் தேடித் தரும் `--psm 11` என்ற முறையை எடுத்தால் வரிசையும் போய்விடும். ‘குறிப்பிட்ட வரிசை இல்லாமல்’ தருவேன் என்று அதன் உதவிக் குறிப்பே சொல்லிவிடுகிறது. மேல்வாசகம் கேள்வி, கீழ்வாசகம் பதில் என்று அமைந்த படத்தில் பதில் முந்திக்கொண்டு வந்தால் அந்த உரையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆகவே எழுத்துணரி என்றால், படத்தை வெட்டிக் கொடுப்பதுதான் நியாயமான போட்டியாளர். மேல் கால்பங்கு தனியாக, கீழ்க் கால்பங்கு தனியாக. வரிசைச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும், நடுவில் உள்ள படமும் ஒழிந்துபோகும். மீம் எழுத்து பெரும்பாலும் வெள்ளை நிறம், அதைச் சுற்றிக் கறுப்பு விளிம்பு. டெசராக்டுக்குப் பிடித்ததோ வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து. அதனால் வெள்ளைக்கு அருகிலுள்ள நிறத்தை மட்டும் தக்கவைத்து, பிறகு நிறத்தைத் தலைகீழாக்க வேண்டும். கீழே முதல் கட்டளையில் இமேஜ்மேஜிக் என்ற பட மென்பொருள் இதைச் செய்கிறது, இரண்டாவதில் டெசராக்ட் படிக்கிறது.

```
magick meme.png -gravity North -crop 100%x25%+0+0 +repage \
  -colorspace Gray -threshold 90% -negate top.png
tesseract top.png top -l tam --psm 6
```

கீழ்ப்பகுதிக்கு `North` என்ற இடத்தில் `South`, கோப்புப் பெயர்களில் `top` என்பதற்குப் பதில் `bottom`. முந்நூறு படத்துக்கும் சேர்த்து ஓடவிட்டு எழுந்து போய்விடலாம். வேகத்தில் கையால் இதை வெல்லவே முடியாது.

ஆனால் புள்ளியில் மாட்டிக்கொண்டேன். நான் கட்சி மாறியதற்கு இது ஒன்றுதான் காரணம்.

மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளி, சிறிய மீம் படத்தில் மூன்று நான்கு பிக்சல் அகலம்தான் இருக்கும். கறுப்பு விளிம்பு அதை எல்லாப் பக்கமும் நெருக்குகிறது. படம் பலமுறை பகிரப்பட்டு, ஒவ்வொரு முறையும் ஜேபெக்காகச் சுருக்கப்பட்டிருந்தால், உள்ளே இருந்த வெள்ளையும் விளிம்பின் கறுப்போடு கலந்து சாம்பலாகிவிடுகிறது. மேலே உள்ள கட்டளையில் 90 விழுக்காடு என்று வைத்த வாசல் அந்தச் சாம்பலை உள்ளே விடாது. எழுத்தின் தடித்த உடல் தப்பிவிடும், புள்ளி மட்டும் போய்விடும். சரி, வாசலை 70க்கு இறக்குவோம் என்றால் புள்ளி திரும்பி வருகிறது, கூடவே வெள்ளைச் சட்டையும் சன்னல் வெளிச்சமும் வந்து எழுத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. இரைச்சல் நீக்கும் வடிகட்டியைப் போட்டுப் பார்த்தேன். அதன் கண்ணுக்குத் தூசியும் புள்ளியும் ஒன்றுதான்.

ஒரு படத்தைச் சொல்கிறேன். அதில் இருந்தது இது:

சோம்பலைத் தவிர்
என்றார் ஆசிரியர்

ஆசிரியரையே
தவிர்த்துவிட்டேன்

வெட்டிக் கொடுத்த பிறகு மேல்பகுதி ‘சோம்பலைத் தவிர என்றார் ஆசிரியர்’ என்று வந்தது. ஒரே ஒரு புள்ளிதான் காணாமல் போயிருந்தது. ‘தவிர்’ என்ற கட்டளை ‘தவிர’ என்றாகிவிட்டது. இரண்டும் தமிழில் உள்ள சொற்களே என்பதால் எழுத்துப்பிழை திருத்தி எந்தச் சிவப்புக் கோடும் போடவில்லை. நானும் முதல் முறை படித்துத் தாண்டிவிட்டேன், ஏனென்றால் படத்தைப் பார்த்துச் சிரித்திருந்த கண் தானே புள்ளியை வைத்துப் படித்துக்கொண்டது. ‘ஆசிரியர’ என்று வந்திருந்தால் உடனே தெரிந்திருக்கும். வளர், உயர், மலர் போன்றவையும் இதே கூட்டம்: புள்ளி போனாலும் சொல்லாகவே நிற்கும்.

இதைப் பிடிக்க ஒரே வழி, ஒவ்வொரு படத்தையும் திறந்து, உரையைப் பக்கத்தில் வைத்து, எழுத்தெழுத்தாக ஒப்பிடுவது. ஒரு மீம் என்பது எட்டு முதல் பன்னிரண்டு சொல். ஒப்பிட்டுத் திருத்த ஆகும் நேரத்தில் தட்டச்சே செய்துவிடலாம், எனக்கு அதுதான் நடந்தது. புத்தகப் பக்கம் என்றால் கணக்கு வேறு. அங்கே முந்நூறு சொல்லில் பத்தைத் திருத்துகிறோம், உழைப்பு மிச்சமாகிறது. மீமில் உரை அவ்வளவு குறுகியது என்பதால் எழுத்துணரியின் வேகம் சரிபார்ப்பிலேயே கரைந்துபோகிறது.

கையால் தட்டுவதில் குற்றமே இல்லை என்று சொல்ல மாட்டேன். என் தொல்லை நேர்மாறானது: பிழையைத் திருத்தும் பழக்கம். ‘முயற்ச்சி’ என்று மீமில் இருந்தால், விரல் கேட்காமலே ‘முயற்சி’ என்று தட்டிவிடுகிறது. சில மீம்களில் அந்தப் பிழைதான் நகைச்சுவை. பிழை வேண்டுமென்று செய்ததா, தெரியாமல் வந்ததா என்று நாம் தீர்ப்புச் சொல்லக் கூடாது, உள்ளபடி எழுத வேண்டும். அதனால் இரண்டு பழக்கம் வைத்துக்கொண்டேன். விசைப்பலகையின் தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிடுவேன். தட்டி முடித்ததும் கீழ்வாசகத்தின் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கிப் படிப்பேன். பின்னோக்கிப் படித்தால் பொருள் ஓடாது, எழுத்து மட்டும் கண்ணில் நிற்கும்.

இன்னொரு சபலம், மனிதனுக்கு மட்டும் உரியது: படத்தை விளக்கிவிடுவது. ‘(முறைத்தபடி)’ என்று அடைப்புக்குறியில் ஒன்றைச் சேர்க்கக் கை துறுதுறுக்கும். கூடாது. மூலையில் உள்ள பக்கத்தின் பெயரும், பின்னணியில் தெரியும் கடைப் பலகையும், நடிகரின் பனியனில் உள்ள எழுத்தும் வாசகம் அல்ல. வரி எங்கே ஒடிகிறதோ அங்கேயே நானும் ஒடிக்கிறேன். மேல்வாசகம் மட்டும் உள்ள படமாக இருந்தால் வெற்று வரிக்குக் கீழே எதையும் எழுதுவதில்லை.

ஆங்கில மீம்களுக்கு இந்தத் தீர்ப்பை அப்படியே ஏற்றிவிட வேண்டாம். இம்பாக்ட் எழுத்துருவில், தடித்த பெரிய எழுத்தில் வருபவற்றில் தொலைந்துபோகப் புள்ளி கிடையாது. வெட்டிக் கொடுத்த ஆங்கிலப் படங்கள் பெரும்பாலும் சுத்தமாகவே வந்தன. ஆனால் நான் பார்த்தது இருபதுக்குள்தான், அதுவும் பெரிய அளவுப் படங்கள். ஆயிரக்கணக்கில் தமிழ்ப் படங்கள் இருந்தாலும் என் பதில் மாறக்கூடும். அப்போது ‘தவிர’ போன்ற சில பிழைகள் உள்ளே கிடக்கும் என்று தெரிந்தேதான் வெட்டும் முறைக்குப் போவேன்.