அலுவலக நெட்வொர்க்குக்கு எந்த எண்: 192.168, 172.16, 10

போன வருடம் எங்கள் அலுவலகத்தின் ஐபி முகவரிகள் அத்தனையையும் மாற்றினேன். 30 பேர் வேலை செய்யும் இடம், இரண்டு மாடி. 192.168.1.x-இல் இருந்ததை 10.83.x.x-க்குக் கொண்டுபோனேன். 192.168-க்கே என்ன குறை என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தனியார் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கிய முகவரிகள் மூன்று தொகுதி. சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் எண் கூடக் கூடத் தொகுதி சிறிதாகும். 10.0.0.0/8 பெரியது, சுமார் 1.67 கோடி முகவரிகள். 172.16.0.0/12 நடுத்தரம், ஏறத்தாழ 10 லட்சம். 192.168.0.0/16 சிறியது, 65,536. 1996-இல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற இணைய ஆவணம் இவற்றை வரையறுத்தது. இணையத்தில் இவற்றுக்கு வழி கிடையாது. வெளியே போக வேண்டுமானால் ரவுட்டர் நேட் செய்து தன் பொது முகவரியைப் போட்டு அனுப்பும். 30 பேருக்கு எந்தத் தொகுதியும் போதும், அதனால் அளவை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை. வேகத்திலும் பாதுகாப்பிலும் மூன்றுக்கும் வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் தெரிவது ஒரே இடத்தில்தான்: உங்கள் நெட்வொர்க் இன்னொரு நெட்வொர்க்கோடு சேரும்போது. எங்களுக்கு அது இப்படித் தெரிந்தது. வீட்டிலிருந்து வேலை செய்யும் டெவலப்பர் ஒருவர் கூப்பிட்டார். “சார், விபிஎன் பச்சையாத்தான் இருக்கு, ஃபைல் சர்வர் மட்டும் திறக்கல. பிங் போகுது.” சர்வரின் முகவரி 192.168.1.20. பிங் எத்தனை மில்லிசெகண்டில் திரும்புகிறது என்று கேட்டேன். 2 என்றார். அவர் வீட்டிலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு 30-க்குக் கீழே வந்ததே இல்லை. அடுத்து இதை ஓட்டச் சொன்னேன்:

```
$ ip route get 192.168.1.20
192.168.1.20 dev wlan0 src 192.168.1.7 uid 1000
```

விபிஎன் வழியே போகிறதென்றால் `tun0` என்று வர வேண்டும். `wlan0` என்று வந்தது, அதாவது வீட்டு வைஃபை. அவர் வீட்டு ரவுட்டரும் 192.168.1.x-தான் கொடுத்துக்கொண்டிருந்தது, அங்கே .20 என்பது அவர்கள் டிவி. பிங்குக்குப் பதில் சொன்னது அந்த டிவி!

காரணம் எளிது. எங்கள் விபிஎன் 192.168.0.0/16 முழுவதையும் அலுவலகத்துக்கு அனுப்பும்படி வைத்திருந்தோம். வீட்டு வைஃபையோ 192.168.1.0/24 என்று இன்னும் குறுகலான வழியை வைத்திருந்தது. இரண்டு வழி பொருந்தினால் குறுகலானதே ஜெயிக்கும். சரி, விபிஎன்னையும் /24 ஆக்கிவிடலாமே என்று தோன்றும். அப்போது இரண்டும் சமம். வழிகளுக்கு முன்னுரிமை சொல்லும் மெட்ரிக் எண் எதற்குக் குறைவோ அது ஜெயிக்கும், அது லேப்டாப்புக்கு லேப்டாப் மாறும். விபிஎன் ஜெயித்தாலும் வீட்டு பிரிண்டர் காணாமல் போகும். வீட்டு ரவுட்டரை மாற்றச் சொல்லலாம்தான், ஆனால் 30 வீட்டுக்கும் அதைச் செய்ய முடியாது. கடையில் வாங்கும் ரவுட்டர்களில் பெரும்பாலானவை 192.168.0.x அல்லது 192.168.1.x என்றே வருகின்றன. அந்தத் தொகுதியில் அலுவலகத்தை வைத்தால் இந்த அழைப்பு திரும்பத் திரும்ப வரும்.

அப்புறம் 172.16. வீட்டு ரவுட்டர்களில் அரிது என்பதால் முதலில் இதைத்தான் நினைத்தேன். ஆனால் எங்கள் டெவலப்பர்கள் எல்லோரும், நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கர் வைத்திருக்கிறார்கள். டாக்கர் நிறுவியதும் `docker0` 172.17.0.0/16-ஐ எடுத்துக்கொள்ளும், புதிதாக ஒவ்வொரு நெட்வொர்க் உருவாக்கும்போதும் 172.18, 172.19 என்று மேலே ஏறும். ஒருநாள் காலையில் யாரோ `docker compose up` அடித்ததும் அலுவலக சர்வர் மறைந்துபோனால் காரணத்தை யாரும் அங்கே போய்த் தேட மாட்டார்கள். அமேசான் கிளவுடில் தானாக வரும் விபிசி என்ற தனி நெட்வொர்க்கும் 172.31.0.0/16. இன்னொரு தொல்லை, /12 என்பதால் எல்லை 172.16-இல் தொடங்கி 172.31-இல் முடிகிறது. 172.32 வெளியுலகின் பொது முகவரி. அதைத் தெரியாமல் உள்ளே போட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

ஆகவே 10. ஆனால் 10 என்றாலே தப்பித்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். 10.0.0.x-ஐயும் 10.1-ஐயும் எல்லோரும் முதலில் தொடுகிறார்கள். ஓப்பன்விபிஎன்னோடு வரும் மாதிரி அமைப்புக் கோப்பில் இருப்பது 10.8.0.0. கூபர்நெட்டீஸ் வகையறாவில் 10.42, 10.43, 10.96, 10.244 புழங்கும். கூகுள் கிளவுடின் தானியங்கி நெட்வொர்க் 10.128-க்கு மேலுள்ள பாதியிலிருந்து எடுக்கும். இவற்றைத் தள்ளிவிட்டு மிச்சத்தில் கண்ணை மூடி ஒரு எண் எடுத்தேன்: 83. மாடிக்கு ஒரு /24: 10.83.1.x, 10.83.2.x. விபிஎன்னில் வருபவர்களுக்கு 10.83.200.x. இப்போது அதே டெவலப்பரின் வீட்டிலிருந்து:

```
$ ip route get 10.83.1.20
10.83.1.20 dev tun0 src 10.83.200.6 uid 1000
```

ஐபிவி6-இல் இந்த யோசனையையே விதியாக வைத்திருக்கிறார்கள்: fd என்று தொடங்கும் உள் முகவரிகளில் அடுத்த 40 பிட்டைத் தற்செயலாக எடுக்க வேண்டும். அதை ஒரு சோதனை மேசையில் மட்டும்தான் ஓட்டியிருக்கிறேன், அதனால் அலுவலகம் முழுக்கப் போடுங்கள் என்று சொல்ல மாட்டேன். நூற்றுக்கணக்கான கிளைகள் உள்ள நிறுவனத்துக்கும் என் கணக்கு பொருந்தாமல் போகலாம். 10-ஐ எப்படிப் பங்கிடுவது என்பதே அங்கே தனி வேலை.

127-ஐயும் 169.254-ஐயும் இந்தப் பட்டியலில் சேர்த்துக் கேட்கிறவர்கள் உண்டு. இரண்டும் போட்டியிலேயே இல்லை. 127.0.0.0/8 லூப்பேக், அந்தப் பாக்கெட் கணினியை விட்டு வெளியே வராது. அதனால் அது டேட்டாபேஸ் மாதிரியானவற்றுக்கு நல்லது. 127.0.0.1-இல் மட்டும் கேட்கச் சொன்னால் பக்கத்து மேசையிலிருந்துகூட இணைய முடியாது. டாக்கர் கன்டெய்னருக்குள் 127.0.0.1 என்றால் அந்தக் கன்டெய்னர், உங்கள் கணினி அல்ல. புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான்.

169.254.0.0/16 லிங்க்-லோக்கல். கணினிகளுக்கு முகவரி பங்கிடும் டிஎச்சிபி பதில் தராதபோது கணினி தானே ஒரு எண்ணைத் தேர்ந்து, வேறு யாரிடமாவது அது இருக்கிறதா என்று ஏஆர்பி மூலம் கேட்டுவிட்டு வைத்துக்கொள்வது. ரவுட்டர் அதைத் தாண்டவிடாது. இரண்டு லேப்டாப்பை ஒரே கேபிளில் இணைத்துக் கோப்பு மாற்ற உதவும். மற்றபடி அலுவலகத்தில் 169.254 கண்ணில் பட்டால் கேபிளையும் டிஎச்சிபியையும் பாருங்கள். கணினியில் தேட வேண்டாம்.

மாற்றும் வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தாமதமாகச் செய்தால் செலவு ஏறுவது இதில்தான். முதலில் டிஎச்சிபி குத்தகை நேரத்தை 10 நிமிடமாகக் குறைத்தேன். ரவுட்டரில் பழைய முகவரியையும் புதியதையும் ஒரே நேரத்தில் வைத்தேன். பிறகு டிஎச்சிபி புதிய எண்களைத் தர, லேப்டாப்புகள் எல்லாம் அரை மணி நேரத்தில் நகர்ந்துவிட்டன. இழுத்தடித்தவை கையால் எண் போட்டு வைத்தவை: இரண்டு பிரிண்டர், சிசிடிவி டிவிஆர், வாசலில் இருக்கும் விரல்ரேகை வருகைப் பதிவுக் கருவி. அந்தக் கருவியின் அட்மின் பாஸ்வேர்ட் யாரிடமும் இல்லை. அதற்காகவே 192.168.1.1 என்ற பழைய முகவரி ரவுட்டரில் இன்னும் மூன்று வாரம் இருந்தது.