கேஸ் நிரப்புவதா, இரண்டு கேஜ் வைத்துப் பார்ப்பதா, எடைபோட்டு ஏற்றுவதா?

ஏ.சி. பொத்தானை அழுத்தினால் கம்ப்ரஸர் கிளட்ச் ‘டக்’கென்று பிடிக்கிறது. முன்தட்டு கப்பியோடு சேர்ந்து சுழல்வதும் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் உள்ளே வருவது வெதுவெதுப்பான காற்று. இந்த நிலையில் காரை எங்கே கொண்டுபோனாலும் மூன்று வழிகளில் ஒன்றைத்தான் சொல்வார்கள்: குறைந்திருக்கும் கேஸை மேலே நிரப்புவது, இரு பக்க அழுத்தத்தையும் கேஜில் பார்த்துக் காரணம் கண்டுபிடிப்பது, இருக்கும் கேஸை முழுவதும் எடுத்துவிட்டு, பம்பால் உள்ளே வெற்றிடமாக்கி, அதாவது வேக்கம் போட்டு, எடைபோட்டு ஏற்றுவது. இங்கே பேசுவது ஆர்134ஏ கேஸும், திரவமான கேஸைக் குறுகிய துளை வழியே விட்டுக் குளிரவைக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வும் கொண்ட சாதாரண சிறிய காரைப் பற்றி.

கிளட்ச் பிடிப்பதே ஒரு செய்திதான். கேஸ் அறவே இல்லாவிட்டால் அழுத்த ஸ்விட்ச் கிளட்சுக்கு மின்சாரம் போகவிடாது. ஆகவே ஃபியூஸ், ரிலே, வயர் எல்லாம் சரி; உள்ளே ஓரளவு கேஸும் இருக்கிறது. எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் அது சொல்லாது.

மேலே நிரப்பும் வழியின் கவர்ச்சி அதன் வேகம். நீலக் குழாயைக் குறைந்த அழுத்தப் பக்கத்தில் மாட்டி, ஒற்றைக் கேஜைப் பார்த்துக்கொண்டே ஏற்றினால் கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். சிலர் என்ஜினை நிறுத்திய நிலையில் அழுத்தம் பார்த்துவிட்டு ‘கேஸ் நிறைய இருக்கிறது’ என்று சொல்வதும் உண்டு. அதை நம்பவே கூடாது. 35 டிகிரி வெயிலில் ஓடாமல் நிற்கும் காரில், உள்ளே கொஞ்சம் திரவம் மிஞ்சியிருந்தாலே கேஜ் சுமார் 115 பிஎஸ்ஐ காட்டும். 200 கிராம் இருந்தாலும் அதே 115, 400 கிராம் இருந்தாலும் அதே 115. வீட்டுச் சமையல் எரிவாயு சிலிண்டரில் பாதி தீர்ந்த பிறகும் அடுப்பு அதே வேகத்தில் எரிகிறதே, அதுபோலத்தான். நிற்கும்போது தெரியும் அழுத்தம் வெப்பநிலையைக் காட்டுகிறது, அளவைக் காட்டுவதில்லை.

ஓடும்போது ஒற்றைக் கேஜ் பார்த்தாலும் சிக்கல் தீராது. குறைந்த அழுத்தப் பக்கம் மிகவும் இறங்கியிருந்தால் கேஸ் குறைவாக இருக்கலாம், எக்ஸ்பான்ஷன் வால்வு அடைத்திருக்கவும் செய்யலாம். அடைப்பு இருக்கும் காரில் கேஸைத் திணித்தால், கேஸின் சூட்டை வெளியேற்றும் கன்டென்சரில்தான் அது போய்த் தேங்கும். அதே பக்கம் மிகவும் ஏறியிருந்தால் கேஸ் அதிகமா, கன்டென்சர் ஃபேன் ஓடவில்லையா, கம்ப்ரஸர் தேய்ந்துவிட்டதா என்று ஒரு கேஜ் சொல்லாது.

அதனால்தான் என் தேர்வு இரண்டாவது வழியில் தொடங்குகிறது. கார் நிழலில் நிற்க வேண்டும். கதவுகளைத் திறந்து, புளோயரை முழு வேகத்தில் வைத்து, என்ஜினைச் சுமார் 1500 சுற்றில் சில நிமிடங்கள் ஓடவிட்ட பிறகே கேஜைப் படிக்க வேண்டும். 35 டிகிரி வெயிலில் நலமாக இருக்கும் கார், குறைந்த பக்கத்தில் 30 முதல் 45 வரையும் உயர் பக்கத்தில் ஏறக்குறைய 200 முதல் 250 பிஎஸ்ஐ வரையும் காட்டும். காருக்குக் கார் இது கொஞ்சம் மாறும்.

இரண்டு முட்களும் சேர்ந்து நிற்கும் இடம்தான் நோயைச் சொல்கிறது. இரண்டுமே இறங்கியிருந்தால் பெரும்பாலும் கேஸ் குறைவு. குறைந்த பக்கம் சுழியத்தை நெருங்கி, அதற்கும் கீழே வேக்கம் வரை போனால் அடைப்பு. குழாயில் அடைத்த இடத்தைத் தாண்டியதும் சட்டென்று குளிரும், சில நேரம் வெண்பனியும் படியும். குறைந்த பக்கம் 70-க்கு மேலும் உயர் பக்கம் 130 அளவிலும் நின்றால் கம்ப்ரஸர் அழுத்தவில்லை என்று பொருள். கிளட்ச் பிடித்துச் சுழன்றாலும் உள்ளே வேலை நடக்கவில்லை. இந்தக் காரில் எவ்வளவு கேஸ் ஏற்றினாலும் குளிராது. இரண்டு அழுத்தமும் சரியாக இருந்து, கம்ப்ரஸருக்குத் திரும்பும் தடித்த குழாய் வியர்த்துக் குளிர்ந்திருந்தும் காற்று சூடாக வந்தால் கேஸ் பக்கமே போக வேண்டாம். டேஷ்போர்டுக்குள் சூட்டையும் குளிரையும் கலக்கும் மடல் ஹீட்டர் பக்கம் சிக்கியிருக்கும்.

இரண்டும் ஏறியிருப்பதுதான் அதிகம் ஏமாற்றுவது. குறைந்த பக்கம் 60, உயர் பக்கம் 320 என்று வைத்துக்கொள்வோம். போக்குவரத்து நெரிசலில் சூடு, நெடுஞ்சாலையில் குளிர் என்று ஓட்டுநர் சொன்னால் ஃபேனைச் சந்தேகிக்க வேண்டும். கன்டென்சர் மேல் குழாயால் தண்ணீர் அடித்துப் பாருங்கள். உயர் பக்க முள் மளமளவென்று இறங்கி, உள்ளே காற்றும் குளிர்ந்தால், காற்றோட்டம்தான் குறை: ஃபேன் ஓடவில்லை, அல்லது கன்டென்சர் இதழ்களில் தூசி அடைத்திருக்கிறது. ஃபேன் சரியாக ஓடியும், கன்டென்சர் சுத்தமாக இருந்தும் அழுத்தம் இறங்காவிட்டால், முன்பு யாரோ அளவுக்கு மீறி ஏற்றியிருக்கலாம், அல்லது உள்ளே வெளிக்காற்று புகுந்திருக்கலாம். இந்த இரண்டையும் கேஜ் மட்டும் பிரித்துக் காட்டாது. அங்கேதான் மூன்றாவது வழி தேவைப்படுகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பானட்டின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் 420 கிராம் என்று இருக்கிறது. வெளியே 36 டிகிரி. நிற்கும்போது இரு பக்கமும் 118 பிஎஸ்ஐ. பார்ப்பதற்கு எல்லாம் சரி. ஓடவிட்டால் 14-ம் 140-ம். முகப்புத் துவாரத்தில் காற்று 21 டிகிரி. இயந்திரத்தால் கேஸை உறிஞ்சி எடுத்தால் தராசில் 190 கிராம்தான் வருகிறது. பாதிக்கு மேல் எங்கோ போயிருக்கிறது. கன்டென்சரின் கீழ் மூலையில் எண்ணெய் கலந்த தூசி ஒட்டியிருந்தால் கசிவு அங்கேதான். கேஸோடு எண்ணெயும் சேர்ந்து வெளியேறும். கன்டென்சரை மாற்றி, வெளியேறிய எண்ணெயின் அளவை ஈடுசெய்து, அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வேக்கம் போட்டு, பம்பை நிறுத்தியபின் முள் ஏறாமல் நிற்கிறதா என்று பார்த்து, 420 கிராம் ஏற்றினால் 35-ம் 225-ம் வரும். காற்று 9 டிகிரிக்கு இறங்கும்.

வேக்கம் போடுவதைச் சிலர் சடங்காக ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். உள்ளே புகுந்த காற்றை மட்டுமல்ல, ஈரத்தையும் அது வெளியேற்றுகிறது. ஈரம் தங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து அடைக்கும்: வண்டி கிளம்பியதும் நன்றாகக் குளிரும், சிறிது நேரத்தில் சூடாகும், அணைத்துவிட்டுப் போட்டால் மறுபடி குளிரும்.

எடைபோட்டு ஏற்றும் வழியில் செலவும் நேரமும் கூடுதல்தான், இயந்திரம் வைத்திருக்கும் கடையும் வேண்டும். ஆனால் அளவைப் பொறுத்தவரை தராசுக்கு மாற்று இல்லை. சிறிய காரில் மொத்தமே 400 கிராம் என்றால், கண்திட்டமாக 100 கிராம் கூடவோ குறையவோ போவது கால் பங்கு தவறு. அதோடு பழைய கேஸைக் காற்றில் திறந்துவிடாமல் எடுத்துக்கொள்ளவும் இதுதான் முறை. ஆர்134ஏ கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கக்கூடியது.

மேலே நிரப்புவதை நான் ஒப்புக்கொள்வது ஒரே நிலையில்தான்: சில ஆண்டுகள் நன்றாக ஓடிய கார், இரண்டு கேஜும் சற்றே இறங்கியிருக்கின்றன, கசிவு எங்கும் தென்படவில்லை, எடுத்து ஏற்றும் இயந்திரம் அருகில் இல்லை. அப்போதும் சிலிண்டரைத் தராசின் மேல் வைத்து, 50 கிராம் ஏற்றி, இரு முட்களும் சேர்ந்து ஏறுகின்றனவா என்று பார்க்க வேண்டும். குறைந்த பக்கம் அசையாமல் உயர் பக்கம் மட்டும் ஏறினால் உடனே நிறுத்திவிடுங்கள், அது அடைப்பு. ஏற்றிய கேஸ் ஒரே கோடையில் மீண்டும் குறைந்தால், அடுத்த முறை சிலிண்டரை எடுக்கும் முன் கசிவைத் தேடச் சொல்லுங்கள்.