ஃப்ளூ ஊசி: ஆண்டுதோறுமா, ஓராண்டு விட்டு ஓராண்டா?

ஆண்டுதோறும் மழைக்கு முன்பே அப்பாவுக்கு ஃப்ளூ ஊசி போட்டுவிடுகிறோம். எழுபதைக் கடந்தவர், சர்க்கரை நோயாளி. மும்பை செம்பூரில் எங்கள் கட்டடத்தின் மேல் மாடியில் இருக்கும் மாமாவுக்கும் ஏறக்குறைய அதே வயது, அதே நோய். அவரோ ஓராண்டு விட்டு ஓராண்டுதான் போட்டுக்கொள்கிறார். திரும்பத் திரும்பப் போட்டால் ஊசிக்கு உடம்பு மசியாது என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். போடவே வேண்டாம் என்ற மூன்றாவது வழியை இந்த இருவர் விஷயத்தில் நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. சர்க்கரையோடு இருக்கும் முதியவருக்கு ஃப்ளூ வந்தால் அது நிமோனியா வரை போகக்கூடும். ஆக, கேள்வி முதல் இரண்டு வழிகளுக்கு இடையில்தான். நான் ஆண்டுதோறும் என்ற பக்கம் நிற்கிறேன். ஆனால் மாமாவின் சந்தேகத்தை வதந்தி என்று தள்ளிவிட முடியாது.

அந்தச் சந்தேகம் 1970களிலேயே எழுந்தது. இங்கிலாந்தில் ஓர் உறைவிடப் பள்ளி மாணவர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஹாஸ்கின்ஸ் குழுவினர், ஆண்டுதோறும் ஊசி போடுவதால் நீண்டகால நன்மை தெரியவில்லை என்று 1979இல் எழுதினார்கள். பிறகு வந்த ஆய்வுகளின் முடிவுகள் இரு பக்கமும் விழுந்தன. அவற்றைத் திரட்டி 2023இல் லான்செட் குழும மருத்துவ இதழொன்றில் ஒரு பெரிய அலசல் வெளிவந்தது. நடப்பு ஆண்டில் மட்டும் ஊசி போட்டவர்களைவிட, முந்தைய ஆண்டிலும் சேர்த்துப் போட்டவர்களுக்குப் பாதுகாப்பு, ஃப்ளூ வைரஸின் எச்1என்1 வகையில் 9 சதவீதப் புள்ளிகளும், எச்3என்2 வகையில் 18 புள்ளிகளும், பி வகையில் 7 புள்ளிகளும் குறைவாக இருந்தது. அதாவது, தேய்மானம் உண்மை. அதே அலசல் இன்னொன்றையும் சொன்னது: இரண்டு ஆண்டும் போட்டவர்கள், போடாதவர்களைவிட நல்ல பாதுகாப்போடுதான் இருந்தார்கள்.

இது உடம்பின் பொதுவான எதிர்ப்புச் சக்தி குறைவதால் நேர்வதன்று. ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம் இது: சென்ற ஆண்டு ஊசியால் உருவான எதிர்ப்பொருள்கள் இன்னும் ரத்தத்தில் இருக்கின்றன. புதிய ஊசியின் புரதம் உள்ளே போனதும் அவை அதில் ஒரு பங்கைப் பிடித்து மூடிவிடுகின்றன. மிஞ்சியதற்கும் பழைய நினைவணுக்கள்தாம் முதலில் ஓடிவருகின்றன; புதிய அணுக்கள் கற்றுக்கொள்ள வாய்ப்புக் குறைகிறது.

ஆய்வுக்கூடத்தில் இதை அளக்கும் விதத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ரத்தத்தின் தெளிநீரை எத்தனை மடங்கு கரைத்த பிறகும் அது வைரஸைத் தடுக்கிறது என்று பார்ப்பார்கள். 40 என்ற அளவு, தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகக் குறையும் எல்லையாக வழக்கத்தில் கொள்ளப்படுகிறது. முதல்முறை ஊசி போடுபவர் 10இல் தொடங்கி 80க்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம்: எட்டு மடங்கு உயர்வு. சென்ற ஆண்டும் போட்டவர் 40இல் தொடங்கி அதே 80க்குப் போகிறார்: இரண்டே மடங்கு. நான்கு மடங்கு உயர்ந்தால்தான் ஊசி வேலை செய்தது என்று கணக்கிடும் ஆய்வில், இரண்டாமவர் தோற்றவர் பட்டியலில் சேர்ந்துவிடுவார். இருவரிடமும் இருப்பது அதே 80 அல்லவா? எல்லா ஆய்வுகளிலும் இப்படிச் சமமாக முடியவில்லை. சிலவற்றில் இரண்டாமவரின் இறுதி அளவும் குறைந்தே இருந்தது. ஆனாலும் 'மடங்கு' என்ற சொல்லைக் கண்டதும் அச்சப்பட வேண்டியதில்லை.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேறொன்று. ஓராண்டு விட்டுப் போடுபவர், விடும் ஆண்டில் எப்படி இருக்கிறார்? மேற்சொன்ன ஒப்பீடு ஊசி போட்ட ஆண்டை மட்டும் பார்க்கிறது. அப்பாவோ இரண்டு ஆண்டுகளையும் கடந்தாக வேண்டும். அதனால் இரண்டாண்டுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டேன். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஊசி இல்லாவிட்டால் ஆயிரம் பேரில் ஆண்டுக்கு 100 பேருக்கு ஃப்ளூ வரும் என்று கொள்வோம். எச்1என்1க்கு எதிராகப் புதிதாகப் போட்டவருக்குப் பாதுகாப்பு 50 சதவீதம் என்றால், 9 புள்ளி குறைந்து தொடர்ந்து போடுபவருக்கு 41. ஓராண்டு விட்டுப் போடும் கூட்டத்தில் முதல் ஆண்டு 50 பேர், ஊசியில்லாத ஆண்டு 100 பேர், மொத்தம் 150 பேருக்கு நோய் வரும். தொடர்ந்து போடும் கூட்டத்தில் 59, 59 என்று 118 பேருக்குத்தான். 32 பேர் தப்பிக்கிறார்கள்.

எச்3என்2க்கு வந்தால் இடைவெளி சுருங்கிவிடுகிறது. 45 சதவீதத்தில் தொடங்கி 18 புள்ளி கழித்தால் 27. விட்டுப் போடுபவர்களில் 155 பேர், தொடர்ந்து போடுபவர்களில் 146 பேர். வித்தியாசம் ஒன்பதே பேர். சென்ற ஆண்டு ஊசியின் பாதுகாப்பு விடும் ஆண்டிலும் கொஞ்சம் மிஞ்சியிருந்தால், தராசு மாமாவின் பக்கமும் சாயலாம். இதை நான் மறைக்க விரும்பவில்லை. கனடாவில் 2014-15 பருவம் அப்படிப்பட்டது. அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளின் ஊசியிலும் எச்3என்2 வகையின் ஒரே விகாரம், அதாவது ஒரே உட்பிரிவு. வெளியே சுற்றிய வைரஸோ உருமாறியிருந்தது. தொடர்ந்து போட்டவர்களின் நிலை, அந்த ஆண்டு மட்டும் போட்டவர்களைவிட மோசமாகவே இருந்தது. ஆனால் வரும் மழைக்காலத்தில் எந்த வகை மேலோங்கும் என்று மே மாதத்தில் யாருக்கும் தெரியாது. நேரப்போகும் வகை தெரியாதபோது, ஓராண்டு முழுக்க ஊசியில்லாமல் விடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

முதியவர்களுக்கு இன்னொரு வலுவான காரணமும் இருக்கிறது. ஸ்பெயினில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களை 2013-14, 2014-15 பருவங்களில் மருத்துவமனைகளில் ஆராய்ந்தார்கள். அந்த ஆண்டிலும், அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் ஏதேனும் ஒன்றிலும் ஊசி போட்டவர்களுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போவதும் இறப்பதும் சுமார் 70 சதவீதம் குறைந்திருந்தன. அந்த ஆண்டு மட்டும் போட்டவர்களுக்குத் தீவிர நோயிலிருந்து தெளிவான பாதுகாப்புத் தெரியவில்லை. ஆண்டுதோறும் ஊசி போடுபவர்கள் பொதுவாகவே உடம்பைப் பேணுபவர்களாக இருக்கலாம். அது முடிவைக் கொஞ்சம் தூக்கிக் காட்டியிருக்கக்கூடும். ஆனாலும் சளி, காய்ச்சல் வருவது வேறு, ஐசியுவில் படுப்பது வேறு. அப்பாவின் வயதில் நான் பார்ப்பது இரண்டாவதைத்தான்.

எந்த வழியில் போனாலும் பெட்டியைப் பார்த்து வாங்க வேண்டும். அட்டையில் எந்த அரைக்கோளம், எந்த ஆண்டு, எந்த விகாரங்கள் என்று அச்சிட்டிருக்கும். தென் அரைக்கோளத்துக்கான 2024 பட்டியலில் எச்3என்2 விகாரத்தின் பெயர் தாய்லாந்து. 2025இல் அதை எடுத்துவிட்டுக் குரோஷியாவைச் சேர்த்தார்கள். எச்1என்1க்கு விக்டோரியாவும் பி வகைக்கு ஆஸ்திரியாவும் மாறவில்லை. மும்பையில் ஃப்ளூ உச்சம், தென் அரைக்கோளத்தின் குளிர்காலத்தை ஒட்டி, ஜூலை முதல் செப்டம்பர் வரை என்பதால், மே மாதம் கடைக்குப் போகும்போது நடப்பு ஆண்டின் தென் அரைக்கோளப் பெட்டிதான் வேண்டும். சென்ற குளிர்காலத்துக்கான வட அரைக்கோளச் சரக்கு, காலாவதித் தேதி தாண்டாமல் குளிர்பெட்டியில் கிடந்தால் அதையே நீட்டிவிடுவார்கள். பாதுகாப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும். பிறகு மாதம் போகப் போகக் குறையும். குளிர்காலத்தில் போட்ட ஊசியை நம்பி ஆகஸ்ட் மழையைக் கடக்க முடியாததற்கு இதுவே காரணம்.

முப்பது வயதில் வேறு நோய் எதுவும் இல்லாத ஒருவர், வீட்டில் முதியவரோ கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இல்லாதபோது ஓராண்டு விட்டுப் போட்டால் நான் வாதாட மாட்டேன். மாமாவிடம் மட்டும் இந்த மே மாதத்தைத் தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அவருடைய சர்க்கரை மருத்துவரும் அதையே சொல்லியிருக்கிறாராம்.