போன் திரையை டிவிக்குக் கொண்டுபோவது: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

போனில் ஓடுவதை வயர் இல்லாமல் டிவியில் பார்க்க முக்கியமாக இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டுக்கும் தேவைப்படும் சாமான்களே வேறு. இது தெரியாததால்தான் பலர் ரவுட்டரில் கோளாறு இருக்கும்போது புதுப் போன் வாங்குகிறார்கள், போனில் வசதி இல்லாதபோது ரவுட்டரை மாற்றுகிறார்கள்.

முதல் வழி கூகுள் காஸ்ட். யூடியூப் ஆப்பில் காஸ்ட் ஐகானைத் தட்டும்போது போன் வீடியோவை அனுப்புவதில்லை. எந்த வீடியோ, எந்த நிமிடத்திலிருந்து என்று மட்டும் டிவிக்குச் சொல்கிறது. டிவியே இணையத்திலிருந்து வீடியோவை இழுத்து ஓட்டுகிறது, போன் வெறும் ரிமோட். அதனால் ஐந்து வருடப் பழைய போனும் இதற்குப் போதும். நடுவில் அழைப்பு வந்து பேசினாலும் படம் பாட்டுக்கு ஓடும். ஆனால் டிவிக்குச் சொந்தமாக நெட் வேண்டும். யூடியூபில் 1080p பார்க்க நொடிக்கு 5 மெகாபிட், 4K பார்க்க 20 மெகாபிட் என்று கூகுளே சொல்கிறது.

இரண்டாவது வழி மிராகாஸ்ட், 2012இல் வந்தது. இதில் போன் தன் திரையைப் படமாகச் சுருக்கி, Wi-Fi Direct வழியாக நேரே டிவிக்கு அனுப்புகிறது. ரவுட்டரும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். பிராட்பேண்ட் இல்லாத வீட்டில் போனில் இருக்கும் கல்யாண போட்டோக்களைக் காட்ட இதைவிட எளிய வழி இல்லை. பதிலுக்கு, படம் ஓடும் நேரம் முழுக்க போன்தான் உழைக்கிறது. சூடாகும், பேட்டரி இறங்கும், திரையை அணைத்தால் டிவியிலும் படம் போய்விடும்.

போன் வாங்கும்போது கவனிக்க வேண்டியது இங்கேதான். எல்லா ஆண்ட்ராய்டு போனிலும் மிராகாஸ்ட் இருக்காது. கூகுள் தன் சொந்தப் போன்களில் இதை எடுத்துவிட்டது. பிக்சலில் காஸ்ட் மட்டும்தான். சாம்சங் போன்களில் Smart View என்ற பெயரில் இருக்கிறது. ஐபோனில் மிராகாஸ்ட் கிடையாது. அதன் திரையை அப்படியே காட்ட ஏர்பிளே உள்ள டிவி வேண்டும். அதோடு போனின் விவரப் பட்டியலில் வைஃபை என்ற வரியைப் படியுங்கள். 802.11 b/g/n என்று மட்டும் இருந்தால் அது 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் வேலை செய்யும் போனாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். a/b/g/n/ac என்று இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸும் உண்டு. டிவிக்கும் இதே கணக்குதான். விலை குறைந்த ஸ்மார்ட் டிவிகள் பலவற்றில் 2.4 மட்டுமே இருக்கிறது, கடையில் அதை யாரும் சொல்வதில்லை.

இனி வீட்டு நெட்வொர்க். அதிகம் பார்க்கும் புகார், “டிவியில் நெட் வருகிறது, போனிலும் வருகிறது, ஆனால் காஸ்ட் ஐகானே வரவில்லை” என்பது. ஒரு வழக்கமான வீட்டை எடுத்துக்கொள்வோம். ஹாலில் ஃபைபர் நிறுவனம் வைத்த பெட்டி, அதிலேயே வைஃபையும் உண்டு. மாடியில் சிக்னல் போதாமல் ஒரு ரவுட்டர் வாங்கி, ஹாலிலிருந்து லேன் கேபிள் இழுத்து, இணையம் உள்ளே வருவதற்கான அதன் WAN துளையில் சொருகியிருக்கிறார்கள். டிவி ஹால் பெட்டியில், போன் மாடி ரவுட்டரில். போனின் வைஃபை விவரத்தில் ஐபி முகவரி 192.168.0.105 என்றும், டிவியின் நெட்வொர்க் பக்கத்தில் 192.168.1.12 என்றும் இருக்கும். மூன்றாவது எண் வேறாக இருக்கிறது, பாருங்கள்: வீட்டுக்குள் இரண்டு தனித்தனி நெட்வொர்க்குகள் ஓடுகின்றன. காஸ்ட் செய்ய போன் முதலில் “இங்கே டிவி யாராவது உண்டா?” என்று நெட்வொர்க் முழுவதற்கும் குரல் கொடுக்கும். அந்தக் குரல் ரவுட்டரின் WAN துளையைத் தாண்டாது. இணையம் தாண்டும், இது தாண்டாது. இரண்டு வைஃபைக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு வைத்தாலும் பயனில்லை, குழப்பம்தான் கூடும்.

சரிசெய்ய மாடி ரவுட்டரின் அமைப்புகளில் Access Point Mode என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். அந்த வசதி இல்லாத ரவுட்டர் என்றால், முதலில் அதன் முகவரியை ஹால் பெட்டியோடு மோதாதபடி 192.168.1.2 என்பதுபோல் மாற்றி, கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் DHCP சர்வரை அணைத்து, கேபிளை WAN துளையிலிருந்து எடுத்து ஒரு LAN துளையில் சொருகுங்கள். பிறகு போனின் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டால் அதற்கும் 192.168.1 வரிசையில் முகவரி வரும், ஐகானும் வரும்.

முகவரிகள் ஒரே வரிசையில் இருந்தும் ஐகான் வரவில்லையா? ரவுட்டரில் ஒரு கருவியை இன்னொன்று பார்க்கவிடாத AP Isolation அணைந்திருக்கிறதா, போனோ டிவியோ Guest வைஃபையில் சேர்ந்திருக்கிறதா, போனில் விபிஎன் ஓடுகிறதா என்று இந்த வரிசையில் பாருங்கள். ஐபோனில் அந்த ஆப்புக்கு Local Network அனுமதியும் வேண்டும்.

ஐகான் வந்து, படமும் வந்து, திக்கித் திக்கி ஓடுவது வேறு நோய். மிராகாஸ்டில் இதற்கு ஒரு குறிப்பான காரணம் உண்டு. பல போன்களில் வைஃபை ரேடியோ ஒரு நேரத்தில் ஒரு சேனலில்தான் இருக்க முடியும். போன் ரவுட்டரோடு 5 கிகாஹெர்ட்ஸில் 36ஆம் சேனலில் இருக்கிறது, டிவியோ 2.4இல் 6ஆம் சேனலில் மட்டும் பேசும் என்றால், ரேடியோ இரண்டுக்கும் நடுவே தாவிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தாவலிலும் சில ஃபிரேம்கள் போகும். இதுதான் காரணமா என்று கண்டுபிடிக்க, போனில் சேமித்த ஒரு வீடியோவை ஓட்டியபடி, சேர்ந்திருக்கும் ரவுட்டரை மட்டும் துண்டித்துப் பாருங்கள். வைஃபையை முழுதாக அணைத்தால் மிராகாஸ்டும் போய்விடும். திக்கல் உடனே நின்றால் காரணம் இதுவே. போனையும் டிவியையும் ரவுட்டரின் 2.4 அல்லது 5 என்ற ஒரே பட்டையில் சேர்ப்பது பெரும்பாலும் தீர்த்துவிடும். டிவியில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் இரண்டையும் அதில் சேர்த்து, ரவுட்டரில் சேனலை 36 முதல் 48க்குள் நிலையாக வையுங்கள். தானாகத் தேர்ந்தெடுக்க விட்டால் சில டிவிகளுக்குத் தெரியாத சேனலுக்கு அது போய்விடலாம்.

காஸ்டிலும் ஆப்பின் வீடியோவுக்குப் பதில் போன் திரையை அப்படியே காட்டலாம். அப்போது போன் வெறும் ரிமோட் அல்ல, ஒவ்வொரு ஃபிரேமும் போனிலிருந்து ரவுட்டருக்கும், ரவுட்டரிலிருந்து டிவிக்கும் என இரண்டு முறை காற்றில் போகிறது. டிவிக்கு லேன் கேபிள் கொடுத்தால் ஒரு பயணம் மிச்சம். டிவியின் லேன் துளை பெரும்பாலும் 100 மெகாபிட்தான் என்றாலும் இதற்குத் தாராளம். எங்கள் கணிப்பில், புது ரவுட்டருக்குப் பணம் போடும் முன் செய்ய வேண்டியது இந்தக் கேபிள் வேலைதான்.

கட்டணப் படங்கள் திரை நகலில் கறுப்பாகத் தெரிந்து ஒலி மட்டும் வந்தால் அது கோளாறு அல்ல, பிரதி எடுப்பதைத் தடுக்கும் பூட்டு. டிவியிலேயே அந்த ஆப்பைப் போட்டுப் பார்ப்பதுதான் வழி. கேம் விளையாட இரண்டு வழியும் ஆகாது. விரல் தொட்டபின் டிவி அசைவதற்குள் தெளிவாகத் தெரியும் தாமதம் இருக்கும்.

மாதங்கள் போகப்போக வரும் தொல்லை, நேற்று வரை வந்த டிவி இன்று பட்டியலில் இல்லாமல் போவது. ரிமோட்டில் அணைத்தால் டிவி தூங்குகிறதே தவிர புதிதாகத் தொடங்குவதில்லை. பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள், பிறகு ரவுட்டரையும் அப்படியே. அதற்கு முன் டிவியை ஃபேக்டரி ரீசெட் செய்யாதீர்கள். 2025 மார்ச்சில், டிவியில் சொருகும் கூகுளின் காஸ்ட் கருவியான குரோம்காஸ்டின் இரண்டாம் தலைமுறை திடீரென்று நின்றபோது காரணம் உள்ளே இருந்த ஒரு சான்றிதழின் பத்து வருடக் காலம் முடிந்தது. கூகுள் சில நாட்களில் சரிசெய்தது. அவசரப்பட்டு ரீசெட் செய்தவர்களால் மட்டும் கருவியை மறுபடி அமைக்க முடியாமல் போய், தனியாக இன்னொரு தீர்வுக்குக் காத்திருக்க வேண்டி வந்தது.