கூகுள் மெர்ச்சன்ட் சென்டர்: ஃபீட் ஃபைலை அவர்கள் எடுக்கட்டுமா, நாம் அனுப்பவா?

கேட்டலாகிலிருந்து TSV ஃபைலை உருவாக்குவது இரண்டு வழியிலும் ஒன்றுதான். அது போய்ச் சேரும் விதம்தான் வேறு.

அமைப்பது: URL கொடுத்து, நேரம் குறித்தால் கூகுளே வந்து எடுத்துக்கொள்ளும். நாமே SFTP வழியாக அனுப்புவதென்றால் லாகின், அனுப்பும் ஸ்கிரிப்ட் எல்லாம் நம் பொறுப்பு.

நேரம்: எடுக்கும் நேரம் காலை 5 மணி என்று வைப்போம். அன்று ஃபைலை உருவாக்கும் ஸ்கிரிப்ட் 5:10-க்கு முடிந்தால் நேற்றைய விலைதான் போகும். தளத்தின் விலையோடு பொருந்தாத பொருட்கள் நிராகரிக்கப்படலாம். SFTP-யில் ஃபைல் முடிந்ததும் அனுப்பலாம்.

பாதி ஃபைல்: எழுதிக்கொண்டிருக்கும்போதே கூகுள் எடுத்துவிட்டால், ஃபைலில் இல்லாத பொருட்கள் பட்டியலிலிருந்தே போய்விடும். அதனால் தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்தபின் மாற்றுங்கள்:

```
make_feed > feed.tmp && mv feed.tmp feed.tsv
```

SFTP-க்கும் இதே வரிக்குப் பிறகே அனுப்புங்கள்.

நிராகரிப்பு அறிக்கை: இதில் எந்த வழியும் உதவாது. அறிக்கையை இறக்கி, பொருள் வாரியாக அல்ல, காரணம் வாரியாகப் பிரியுங்கள். உதாரணமாக, GTIN தவறு என்று வந்தவை எல்லாம் 11 இலக்கமா? அப்படியானால் யாரோ கேட்டலாகை எக்செலில் திறந்து சேமித்திருக்கிறார்கள். 12 இலக்க எண்ணின் முதல் பூஜ்ஜியம் போய்விட்டது. மூலத்தில் அந்த நெடுவரிசையை டெக்ஸ்டாக மாற்றி, பூஜ்ஜியத்தைத் திரும்பச் சேருங்கள். ஃபீடில் திருத்தினால் அடுத்த ஓட்டத்தில் திரும்ப வரும்.

விலை தினம் ஒருமுறைக்கு மேல் மாறாத சிறு கடைக்கு URL போதும். பகலில் பலமுறை மாறினால் SFTP.