ஃபிளாட் ஸ்கெட்சை உடம்பில் ஏற்ற: க்ளோவா, செயற்கை நுண்ணறிவா?

கடந்த பருவத்தின் இறுதித் தொகுப்புக்காக ஒரு குர்தாவை ஃபிளாட் ஸ்கெட்சாக, அதாவது தரையில் தட்டையாக விரித்து வைத்தது போல, வரைந்திருந்தேன். பாப்ளின் துணி, சட்டைக் காலர், இடுப்பு வரை 7 பட்டன், அக்குளில் தொடங்கிக் கீழ்விளிம்பு வரை இறங்கும் பிரின்சஸ் கட் தையல், இடுப்புக்குக் கீழே இரண்டு ஒட்டுப் பைகள். அதைத் தோழி அணிந்திருப்பது போன்ற புகைப்படம் வேண்டும். தைத்து முடிக்க நேரமில்லை. உடம்போடு ஒட்டிய டி-ஷர்ட்டும் லெகின்ஸும் அணிந்து அவள் நின்ற படம் ஒன்றை எடுத்துக்கொண்டு ஃபோட்டோஷாப், செயற்கை நுண்ணறிவு, க்ளோ என மூன்று வழிகளையும் முயன்றேன். இறுதியில், துணி வெட்டும் பேட்டர்னிலிருந்து உடையைக் கணினியில் முப்பரிமாணமாகத் தைத்துக் காட்டும் க்ளோ மென்பொருளில்தான் முடித்தேன்.

ஃபோட்டோஷாப்பில் ஸ்கெட்சை வளைத்து ஒட்டும் வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏற்கெனவே தைத்த வெள்ளை உடையின் மேல் அச்சுவடிவத்தை ஏற்றிப் பார்க்க அது போதும். வெட்டே புதிதாக இருக்கும்போது மடிப்பையும் நிழலையும் கையால் வரைய வேண்டியிருக்கிறது. உடை அட்டையில் வெட்டி ஒட்டியது போலத் தெரிகிறது.

செயற்கை நுண்ணறிவு வேகத்தில் வெல்கிறது. அரை மணி நேரத்தில் கண்ணைப் பறிக்கும் படம் வந்தது. ஆனால் ஸ்கெட்சின் கோடுகளையே வழிகாட்டியாகக் கொடுத்தபோது, உடை உடம்பில் விழவில்லை. உடம்பு ஸ்கெட்சுக்குள் திணிக்கப்பட்டது. ஃபிளாட் ஸ்கெட்சில் கைகள் பக்கவாட்டில் விரிந்திருக்கும். படத்திலும் தோழியின் கைகள் அப்படியே விரிந்தன. கோடுகளின் பிடியைத் தளர்த்தினால் கைகள் இயல்பாகத் தொங்கின. ஆனால் 7 பட்டன் 9 ஆனது, பிரின்சஸ் கட் இடுப்போடு நின்றுபோனது. இதற்கு மாற்றாக, தோழியின் படத்தின் மேலேயே கோடுகளைக் கையால் திரும்ப வரைந்து கொடுத்தேன். அது நன்றாகவே உதவியது.

முடிவைத் தீர்மானித்தது திருத்தம். ஆசிரியர் படத்தைப் பார்த்துவிட்டு, "பையை 3 செ.மீ. மேலே ஏற்று, முதுகுப் பக்கத்தையும் காட்டு" என்றார். பை இருந்த இடத்தை மட்டும் குறித்து மறுபடி உருவாக்கினேன். பை ஏறியது, ஆனால் அதன் அடியில் ஓடிய தையல் கோடு பையின் மேலே ஓரிடத்திலும் கீழே வேறிடத்திலும் வந்து நின்றது. முதுகுப் படத்தில் காலரின் அகலமே மாறியிருந்தது. முன்னும் பின்னும் ஒரே உடை என்று யாரும் நம்பமாட்டார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பட்டனை எண்ணி, தையலைத் தொடர்ந்து பார்த்துச் சரிபார்க்க வேண்டியிருந்தது.

க்ளோவில் தொடக்கமே கடினம். ஃபிளாட் ஸ்கெட்ச் பேட்டர்ன் ஆகாது. எங்கே எவ்வளவு லூஸ் என்று அது சொல்வதில்லை. தோழியின் மார்பளவு 86 செ.மீ., குர்தாவுக்கு 94 என்று முடிவு செய்து, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தனித்தனித் துண்டுகளாக வரைந்து, எந்த ஓரம் எதோடு தைபடும் என்று குறித்தேன். உருவப் பொம்மைக்கு அவளுடைய அளவுகளையே கொடுத்தேன். துணியைத் தொங்கவிட்டவுடன் இடுப்பில் குறுக்குச் சுருக்கங்கள் தெரிந்தன. அவள் இடுப்பின் அகன்ற பகுதி 94. என் பேட்டர்ன் அங்கே 96தான். துணியின் இழுவையைக் காட்டும் வண்ணப்படத்தில் அந்த இடம் சிவந்திருந்தது. செயற்கை நுண்ணறிவுப் படம் இதே இடத்தை வழவழப்பாகக் காட்டி, குறையை மறைத்திருந்தது. பக்கத் துண்டுகளில் மொத்தம் 6 செ.மீ. கூட்டியதும் சுருக்கம் மறைந்தது. பையை ஏற்றியது இரண்டு நிமிட வேலை: பேட்டர்னில் நகர்த்தினேன், மறுபடி தொங்கவிட்டேன். பட்டனும் காலரும் இருந்த இடத்தில் இருந்தன. முதுகுப் பக்கத்துக்குப் பொம்மையைத் திருப்பினால் போதும்.

இதைப் புகைப்படமாக்க இன்னொரு படி உண்டு. பொம்மையின் நிலையைத் தோழியின் நிலைக்குப் பொருத்தி, கேமராவின் உயரத்தையும் ஒளி வரும் திசையையும் ஒத்துப்போகச் செய்து, பொம்மையை மறைத்துவிட்டுப் பின்னணியில்லாமல் உடையை மட்டும் படமாக எடுத்து, அவள் படத்தின் மேல் வைத்தேன். கழுத்திலும் கைமுனையிலும்தான் குட்டு வெளிப்படும். காலருக்கும் தோலுக்கும் இடையே மெல்லிய நிழல் இல்லாவிட்டால் உடை மிதக்கும். அந்த நிழலைக் கையால்தான் வரைந்தேன். காலருக்குள் தெரியும் பின்கழுத்துத் துணியும் படத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

எல்லாம் சேர்த்து எனக்கு மூன்று நாள் பிடித்தது; பேட்டர்ன் போடத் தெரியாதவருக்கு இன்னும் அதிகமாகும். நான் செய்தது விறைப்பான பருத்தித் துணியில் மட்டுமே. ஷிஃபானிலோ பின்னலாடையிலோ இதே தீர்ப்பைச் சொல்லத் துணியமாட்டேன். நிறத்தையும் துணியையும் தேர்ந்தெடுக்கும் முதல் வாரத்தில் இப்போதும் செயற்கை நுண்ணறிவில்தான் பத்துப் படம் எடுத்துப் பார்க்கிறேன். வெட்டு முடிவானதும் க்ளோவுக்கு மாறிவிடுகிறேன். அந்தக் குர்தாவைப் பிறகு அதே பேட்டர்னில் தைத்தேன். இடுப்பில் சுருக்கம் விழவில்லை.